ஏ.எம்.ஹெச் அறிக்கையின் அடியில் அந்த ஒரு வரியை அச்சிடாதீர்கள்

ஏ.எம்.ஹெச் ரத்தப் பரிசோதனை செய்து அறிக்கை தரும் ஆய்வகங்களின் பொறுப்பாளர்களுக்கும், அதை முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் சேர்த்து விற்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் குழந்தையின்மை சிகிச்சை தரும் மருத்துவர். நீங்கள் அனுப்பும் அறிக்கைகளைக் கையில் பிடித்தபடி என் அறைக்குள் வரும் பெண்களோடு பல ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். சினைப்பையின் முட்டை இருப்பை மறைமுகமாகக் காட்டும் ஏ.எம்.ஹெச் என்ற சோதனையை நானும் வாரம் தவறாமல் எழுதிக் கொடுப்பவள்தான். அது பயனற்றது என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அந்த எண்ணுக்குக் கீழே உங்களில் பலர் சிவப்பு எழுத்தில் அச்சிடும் ஒரு வரியைப் பற்றித்தான் பேச வேண்டும்: "குறைவு. கருத்தரிக்கும் வாய்ப்பு குறைவு."

முதல் சொல் சரியாக இருக்கலாம். இரண்டாவது வாக்கியத்துக்கு அந்த ரத்தக் குழாயில் ஆதாரம் இல்லை.

சென்ற ஆண்டு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியும்படியான விவரங்களை விட்டுவிடுகிறேன். வயது 32. திருமணமாகி ஐந்து மாதம். மாதவிடாய் வலிக்காக நான்கு ஆண்டுகளாகக் கருத்தடை மாத்திரை எடுத்து வந்தவர், அடுத்த ஆண்டு குழந்தைக்கு முயலலாம் என்று கணவரோடு பேசி வைத்திருந்தார். வேலை செய்யும் இடத்தில் கொடுத்த பரிசோதனைத் தொகுப்பில் ஏ.எம்.ஹெச்சும் இருந்தது. முடிவு 0.9 நானோகிராம்/மி.லி. அடியில் அந்தச் சிவப்பு வரி. அன்றிரவு இருவரும் தூங்கவில்லை. மூன்றாம் நாள் என் முன்னால் உட்கார்ந்து, "உடனே ஐ.வி.எஃப் தொடங்கிவிடலாமா டாக்டர்?" என்று கேட்டார். அதுவரை அவர் கருத்தரிக்க ஒரு மாதம்கூட முயன்றதில்லை.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் அவருக்கு நான் சொன்ன பதில் உங்களுக்கும் விளங்கும்.

பெண் குழந்தை பிறக்கும்போதே சினைப்பைகளில் பத்து லட்சம் முதல் இருபது லட்சம் கருமுட்டைகள் இருக்கின்றன. பருவமடையும்போது மூன்று, நான்கு லட்சம் மிஞ்சும். இவற்றில் பெரும்பாலானவை உறக்கத்தில் கிடக்கும். உறங்கும் முட்டைகள் ஏ.எம்.ஹெச் சுரப்பதில்லை, அவற்றை எண்ண இன்றுவரை எந்த ரத்தப் பரிசோதனையும் இல்லை. உறக்கம் கலைந்து வளரத் தொடங்கிய சிறு ஃபாலிக்கிள்கள், அதாவது முட்டையைச் சூழ்ந்திருக்கும் சின்ன நீர்க்குமிழ்கள், அவற்றின் சுவரிலுள்ள கிரானுலோசா செல்களிலிருந்துதான் ஆன்டி முல்லேரியன் ஹார்மோன் வெளிவருகிறது. குமிழ் ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டரைத் தாண்டியதும் சுரப்பு வேகமாகக் குறைந்துவிடும். ஆக, நாம் அளப்பது இந்தக் காலகட்டத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் சிறு குமிழ்களின் கூட்டத்தை. உறங்குபவை நிறைய இருந்தால் விழிப்பவையும் நிறைய இருக்கும் என்பதால், இருப்பைப் பற்றி மறைமுகமாக ஒரு குறிப்பு கிடைக்கிறது.

ஸ்கேனில் எண்ணும் ஏ.எஃப்.சி அதே கூட்டத்தைக் கண்ணால் பார்ப்பது. மாதவிடாயின் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், யோனிவழி ஸ்கேனில், இரண்டு சினைப்பைகளிலும் 2 முதல் 10 மி.மீ வரையுள்ள குமிழ்களை எண்ணிக் கூட்டுகிறோம். இரண்டு சோதனைகளும் பெரும்பாலும் ஒத்துப் போகும், ஏனென்றால் இரண்டும் பார்ப்பது ஒரே கூட்டத்தைத்தான்.

ஒவ்வொரு மாதமும் இந்தக் கூட்டம் வாசலில் வரிசையாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குமிழ்களை வளர்க்கும் ஹார்மோனான எஃப்.எஸ்.ஹெச் கொஞ்ச நாள் உயர்ந்து பிறகு இறங்கும். அந்த இடைவெளியில் ஒரு குமிழ் மட்டும் முந்திக்கொண்டு வளர்ந்து முட்டையை வெளிவிடும். மற்றவை அழிந்துபோகும். வரிசையில் இருபது பேர் நின்றாலும் ஐந்து பேர் நின்றாலும் உள்ளே போவது ஒருவர்தான். ஒழுங்காக மாதவிடாய் வரும் பெண்ணிடம் அந்த ஒருவர் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறார் என்று பெரும்பாலும் நம்பலாம். இயல்பான வழியில் கருத்தரிக்கத் தேவையானது அந்த ஒரு முட்டைதான். வரிசையின் நீளத்தை அளந்துவிட்டு, உள்ளே போகிறவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல முடியாது.

காரணகாரியம் பேசி மட்டும் இதைச் சொல்லவில்லை. 2017-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. குழந்தையின்மை வரலாறு இல்லாத, அப்போதுதான் குழந்தைக்கு முயலத் தொடங்கிய 30 முதல் 44 வயது வரையான 750 பெண்களிடம் ரத்தம் எடுத்துவிட்டு, அவர்களை மாதக் கணக்கில் பின்தொடர்ந்தார்கள். வயது முதலியவற்றுக்கு ஈடுசெய்து கணக்கிட்டபோது, ஏ.எம்.ஹெச் 0.7-க்குக் கீழே இருந்தவர்கள் ஆறு மாதவிடாய்ச் சுழற்சிகளுக்குள் கருத்தரிக்கும் வாய்ப்பு 65 சதவீதம். அளவு இயல்பாக இருந்தவர்களுக்கு 62. பன்னிரண்டு சுழற்சிகளில் 84-உம் 75-உம். குறைந்த அளவுள்ளவர்களின் சதவீதம் சற்றே மேலே தெரிவதற்காக அவர்களுக்குக் கூடுதல் வளம் என்று சொல்ல வரவில்லை. அந்த வித்தியாசம் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கது அல்ல. ஆய்வுக்கு எல்லைகளும் உண்டு: குறைந்த அளவுள்ளவர்கள் நூறு பேருக்கும் குறைவு, கருத்தரித்ததைத்தான் கணக்கிட்டார்கள், பிரசவத்தை அல்ல. ஆனாலும், "குறைவு என்றால் வாய்ப்பு குறைவு" என்று அச்சிடுவதற்கு ஒரு பிடிமானம் வேண்டுமே, அது இதில் இல்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2019-இல், குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத பெண்ணின் எதிர்காலக் கருவளம் பற்றி ஆலோசனை சொல்ல ஒற்றை ஏ.எம்.ஹெச் அளவைப் பயன்படுத்த வேண்டாம் என்றே அறிவுறுத்தியது.

இனி அந்தப் பெண்ணிடம் வருகிறேன். ரத்தம் கொடுத்த நாளில் அவர் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாரா என்று கேட்டேன். ஆமாம் என்றார். ரத்தம் எடுத்த இடத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. கருத்தடை மாத்திரை எஃப்.எஸ்.ஹெச்சை அடக்கி வைக்கும், அதனால் வளரும் குமிழ்களின் கூட்டம் சுருங்கும், ஏ.எம்.ஹெச்சும் ஏ.எஃப்.சியும் சேர்ந்தே இறங்கும். பல ஆண்டுகள் எடுத்தவர்களிடம் ஏ.எம்.ஹெச் இருபது, முப்பது சதவீதம் குறைந்து தெரிவது சாதாரணம்; சிலரிடம் அதற்கும் மேல். உறங்கும் முட்டைகளுக்கு எந்தச் சேதமும் இல்லை. நிறுத்திய சில மாதங்களில் அளவு ஏறிவிடும். இதை ஒருவர் அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தத் தூங்காத இரவு இருந்திருக்காது.

மற்ற கேள்விகளும் கேட்டேன். சினைப்பையில் அறுவை சிகிச்சை நடந்ததா? இல்லை. புற்றுநோய்க்கான கீமோ, கதிர்வீச்சு? இல்லை. புகைபிடிப்பாரா? இல்லை. அம்மாவுக்கு எந்த வயதில் மாதவிடாய் நின்றது? ஐம்பது. வலிக்காக மாத்திரை எடுத்தவர் என்பதால், கருப்பை உட்சுவர் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறதா என்று ஸ்கேனில் தேடினேன். கட்டி எதுவும் தெரியவில்லை.

அவர்களும் பேசி, குழந்தைத் திட்டத்தைச் சற்று முன்னே இழுத்து, மாத்திரையை நிறுத்தினார்கள். சுழற்சி ஒழுங்காக வந்தது. நிறுத்தி நான்காம் மாதம், மாதவிடாயின் மூன்றாம் நாள் ஸ்கேன் எடுத்தேன்: வலப்பக்கம் ஆறு, இடப்பக்கம் ஐந்து, மொத்தம் பதினொன்று. ஏ.எம்.ஹெச்சை முதலில் செய்த அதே ஆய்வகத்தில், அதே முறையில் திரும்பச் செய்யச் சொன்னேன். 1.4 வந்தது. இருவர் முகத்திலும் வெளிச்சம்.

அங்கேதான் நான் அவர்களை நிறுத்த வேண்டியிருந்தது. எண் ஏறியதால் அவர் நலமாகிவிட்டார் என்று அவர்கள் எடுத்துக்கொண்டால், நான் அந்தச் சிவப்பு வரியை ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டாவது முறையும் 0.9 வந்திருந்தாலும் இயல்பான கருத்தரிப்பு பற்றி என் பதில் மாறியிருக்காது என்று சொன்னேன். 35 வயதுக்குக் கீழே இருப்பவர், மாதவிடாய் ஒழுங்காக வருகிறது. ஓராண்டு முயலுங்கள், அதற்குள் ஆகாவிட்டால் வாருங்கள். 35-ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதம் என்றிருப்பேன். அப்போது முதலில் பார்க்க வேண்டியது கணவரின் விந்தணுப் பரிசோதனை, முட்டை வெளியாகிறதா என்பது, கருக்குழாய் திறந்திருக்கிறதா என்பது. இந்த மூன்றையும் ஏ.எம்.ஹெச் சொல்லாது. குறைந்த ஏ.எம்.ஹெச்சோடு அலைந்துவிட்டு, கணவரின் பரிசோதனையை இரண்டு ஆண்டுகள் யாரும் கேட்காமல் விட்ட தம்பதிகளைப் பார்த்திருக்கிறேன். எல்லாப் பழியையும் அந்த ஒரு எண் தாங்கிக்கொண்டதால் வேறெதையும் தேடத் தோன்றவில்லை.

எதிர்ப் பக்கத்தில் நடக்கும் தவறு இதைவிட எனக்குக் கவலை தருவது. 41 வயதில் ஒருவருக்கு 3.6 வந்தது. அறிக்கையில் "மிக நல்ல இருப்பு" என்று எழுதி, பக்கத்தில் "சினைப்பை வயது" என்று முப்பதைத் தொடும் ஓர் எண்ணையும் போட்டிருந்தார்கள். அவர் நிம்மதியாகக் காத்திருந்தார். என்னிடம் வந்தபோது 43. முட்டையின் தரம் வயதைப் பின்பற்றிப் போகிறது. வயது ஏற ஏற முட்டை பிரியும்போது குரோமோசோம்கள் சரியாகப் பங்கிடப்படாமல் போவது கூடுகிறது. ஆய்வகத்தில் சோதிக்கப்படும் கருக்களில் குரோமோசோம் கோளாறு உள்ளவை முப்பதை ஒட்டிய வயதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு; நாற்பதில் பாதியைத் தாண்டுகிறது; அதற்குப் பிறகு செங்குத்தாக ஏறுகிறது. வரிசை நீளமாக இருந்தாலும் இது மாறாது. தயவுசெய்து "சினைப்பை வயது" என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். முட்டைகளுக்கு அவர் பிறந்த நாள்தான் வயது.

அப்படியானால் இந்தச் சோதனை எதற்கு என்று கேட்பீர்கள். ஐ.வி.எஃப்-இலோ முட்டை உறையவைப்பதிலோ ஊசி போட்டு, அந்த மாதம் அழிந்துபோக இருந்த குமிழ்களையும் சேர்த்து வளர்க்கிறோம். அங்கே வாசல் அகலத் திறக்கப்படுகிறது. வரிசையின் நீளம்தான் கணக்கு. எத்தனை முட்டை கிடைக்கும் என்பதை ஏ.எம்.ஹெச்சும் ஏ.எஃப்.சியும் நன்றாகவே முன்கூட்டிச் சொல்கின்றன. ஏ.எஃப்.சி ஐந்துக்குக் கீழே என்றால் முட்டைகள் சொற்பம் என்று முதலிலேயே சொல்லி, எத்தனை சுற்று தேவைப்படலாம் என்று பேசிக்கொள்ளலாம். மறுபக்கம், ஏ.எம்.ஹெச் 3.4-க்கு மேலேயோ ஏ.எஃப்.சி 24-க்கு மேலேயோ இருந்தால் என் எச்சரிக்கை மணி அடிக்கும்: சினைப்பை அளவுமீறித் தூண்டப்பட்டு, வயிற்றில் நீர் கோத்து, ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகும் நிலை வரலாம். அவர்களுக்கு மருந்தின் அளவையும் முட்டை முதிர்வுக்கான ஊசியையும் மாற்றுகிறோம். இந்த எண் உயிர்காக்கும் இடம் இது. ஆனால் இங்கேயும் ஒரு வரம்பு உண்டு. 2017-இல் வெளியான நெதர்லாந்தின் ஆப்டிமிஸ்ட் ஆய்வில் ஏ.எஃப்.சியைப் பார்த்து மருந்தின் அளவை ஆளுக்காள் மாற்றியபோது, குழந்தை பெற்றவர்களின் விகிதம் கூடவில்லை. அதிகம் தூண்டப்படக்கூடியவர்களுக்கு மருந்தைக் குறைத்ததால் ஆபத்து மட்டும் குறைந்தது. முட்டையின் எண்ணிக்கையைச் சொல்லும் சோதனை, கடைசியில் கையில் குழந்தை வருமா என்பதைச் சரியாகச் சொல்வதில்லை.

குறைந்த அளவு நிஜமாகவே ஒரு பேச்சைத் தொடங்க வேண்டிய சூழல்களும் உண்டு. கீமோவுக்குப் போகப்போகிறவர், இரண்டு சினைப்பையிலும் எண்டோமெட்ரியோசிஸ் கட்டி எடுக்கப் போகிறவர், குழந்தையைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டு முட்டை உறையவைக்கலாமா என்று யோசிப்பவர் ஆகியோருக்கு இது கையில் இருந்தால் நல்லது. இளவயதில் அளவு மிகக் குறைந்து, மாதவிடாயும் தவறிப் போகிறது என்றால், எஃப்.எஸ்.ஹெச்சும் ஈஸ்ட்ரடையால் ஹார்மோனும் பார்த்து, முன்கூட்டியே சினைப்பை செயலிழக்கிறதா என்று தேட வேண்டும். ஏ.எம்.ஹெச்சை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வரக்கூடாது. மாதவிடாய் எந்த வயதில் நிற்கும் என்று கேட்பவர்களுக்கும் கூட்டமாகப் பார்த்தால் ஒரு தொடர்பு உண்டு, தனி ஒருவருக்கு ஆண்டு குறித்துச் சொல்ல முடியாது என்பதே பதில்.

ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். ஒரே ரத்தத்தை இரண்டு நிறுவனங்களின் கருவிகளில் ஓட்டினால் இரண்டு வேறு ஏ.எம்.ஹெச் எண்கள் வரும். ஒன்றின் அளவை இன்னொன்றின் எல்லைக்கோட்டோடு ஒப்பிடக் கூடாது. பழைய முறைகளில் ஒன்றில், ரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் புரதம் குறுக்கிட்டு அளவைக் குறைத்துக் காட்டியது தெரியவந்து 2013-இல் செய்முறையையே மாற்ற வேண்டியிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அலகு வேறு குழப்பம். ஒரு நானோகிராம்/மி.லி என்பது 7.14 பிக்கோமோல்/லிட்டர். தன் தாளில் 6.4 என்று பார்த்தவர், அக்காவின் தாளிலுள்ள 2.1-ஐவிடத் தனக்கு மூன்று மடங்கு இருக்கிறது என்று மகிழ்ந்தார். அவருடையது பிக்கோமோல், அக்காவுடையது நானோகிராம். மாற்றிப் பார்த்தால் அவருடையது 0.9. அலகு சின்ன எழுத்தில் ஓரமாக இருந்தது.

எல்லா வயதுக்கும் 1.0 என்று ஒரே கோடு போடுவதையும் நிறுத்த வேண்டும். 42 வயதில் 0.9 வெகு சாதாரணம். 25 வயதில் அது அந்த வயதுக்காரர்களில் கீழ்வரிசை. இருவருக்கும் ஒரே சிவப்பு அடித்தால் முதலாமவர் காரணமில்லாமல் பயப்படுவார். இரண்டாமவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் கேட்கப்படாமல் போகும்.

ஸ்கேன் செய்யும் சக மருத்துவர்களிடமும் ஒரு வார்த்தை. ஏ.எஃப்.சி எண்ணும் கையைப் பொறுத்து மாறும். மொத்தத்தை மட்டும் எழுதாமல் வலம், இடம் என்று தனித்தனியாகவும், சுழற்சியின் எத்தனையாவது நாள் என்றும் எழுதுங்கள். ஒரு சினைப்பை குடலுக்குப் பின்னால் மறைந்திருந்தாலோ, கட்டியால் குமிழ்கள் தெரியாமல் இருந்தாலோ "முழுதாகப் பார்க்க முடியவில்லை" என்று எழுதுங்கள். இடப்பக்கம் "2" என்ற எண்ணைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு வந்த ஒருவருக்கு, மறு ஸ்கேனில் அங்கே ஏழு இருந்தது.

நான் கேட்பது இவ்வளவுதான். ரத்தம் எடுக்கும் முன் மூன்று கேள்வி கேட்டுப் படிவத்தில் குறியுங்கள்: இப்போது அல்லது கடந்த மூன்று மாதத்தில் ஹார்மோன் மாத்திரை, ஊசி, வளையம் ஏதாவது உண்டா, கர்ப்பமாக இருக்கிறாரா அல்லது அண்மையில் பிரசவமா, சினைப்பை அறுவையோ புற்றுநோய் சிகிச்சையோ நடந்ததா. அறிக்கையில் அலகைப் பெரிதாகவும், கருவியின் பெயரையும், அந்த வயதுக்கான வீச்சையும் போடுங்கள். "கருவளப் பரிசோதனை" என்ற தலைப்பை எடுத்துவிட்டு "ஏ.எம்.ஹெச் அளவு" என்று வையுங்கள். சிவப்பு வரி இருந்த இடத்தில் இதைப் போடலாம். எழுதித் தருகிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"இந்த அளவு, சிகிச்சையில் ஊசி மூலம் சினைப்பையைத் தூண்டினால் ஏறத்தாழ எத்தனை முட்டைகள் கிடைக்கும் என்பதைக் குறிக்கும். இயல்பாகக் கருத்தரிப்பீர்களா, முட்டையின் தரம் எப்படி, மாதவிடாய் எப்போது நிற்கும் என்பதை இது சொல்லாது. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு அளவு குறைந்து தெரியலாம். மாதவிடாய் ஒழுங்காக வராவிட்டால், அல்லது ஓராண்டு முயன்றும் (35 வயதுக்கு மேல் ஆறு மாதம்) கருத்தரிக்காவிட்டால், இந்த எண் எதுவாக இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள்."

நான்கு வாக்கியங்கள். உங்கள் அறிக்கைத் தாளில் இடம் இருக்கிறது. நான் அளந்து பார்த்துவிட்டேன்.

அன்புடன்,
ஒரு குழந்தையின்மை சிகிச்சை மருத்துவர்